பதிலுக்குக் காத்திருக்கும் திரை

பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு குறைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. தினமும் ஒரே கதையைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள் என்பது ஒன்று. பொம்மை ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பெரியவர்களின் அலுப்பிலிருந்து வரும் குறைகள். அந்தத் திரும்பக் கூறலும் அந்த நிறுத்தமும் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. ஆய்வு செய்து, அளந்து, சோதித்து வைக்கப்பட்டவை. எதற்காக அப்படி வைத்தார்கள், அது எதுவரை பலன் தருகிறது, பலன் தராத இடத்தில் மிச்ச வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது.

காவிரிப் படுகையின் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிய காலத்தை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், அதுவரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் பார்த்த குடும்பங்களுக்கும் சொந்தமாக ஒரு பெட்டி வந்தது. 2007இல் சன் குழுமம் குழந்தைகளுக்கென்றே சுட்டி டிவியைத் தொடங்கியது. பெட்டியும் அலைவரிசையும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன. 'டோராவின் பயணங்கள்' அப்படித்தான் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் வந்தது. அமெரிக்காவின் நிக்கலோடியன் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒளிபரப்பத் தொடங்கிய தொடரின் தமிழ் வடிவம் அது. அங்கே பூட்ஸ் என்ற பெயர் கொண்ட குரங்குக் குட்டி இங்கே புஜ்ஜி ஆனது. திருட வரும் நரி குள்ளநரி ஆனது. ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கம் இருந்து என் வகுப்புக்கு வரும் மாணவிகளில் பலர் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தை மறந்தவர்கள்கூட டோராவின் வழியை மறக்கவில்லை. அந்த நினைவே கவனிக்கத் தக்கது. ஏன் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்தது?

முதலில் அதன் எலும்புக்கூட்டைப் பார்ப்போம். டோரா வந்து வணக்கம் சொல்கிறாள். யாருக்கோ ஒரு பொருள் கொண்டுபோக வேண்டும், அல்லது வழி தவறிய ஒரு குட்டியை அதன் வீட்டில் சேர்க்க வேண்டும். எப்படிப் போவது என்று வரைபடத்தைக் கேட்கச் சொல்கிறாள். வரைபடம் மூன்று இடங்களைச் சொல்கிறது. ஒரு பாலம், ஒரு காடு, ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பெயர்களும் வரிசை மாறாமல் பலமுறை சொல்லப்படுகின்றன. குழந்தையையும் சொல்லச் சொல்கிறாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு தடை இருக்கிறது. அதை எண்ணியோ, நிறம் பார்த்தோ, முதுகுப்பையிலிருந்து சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தோ கடக்க வேண்டும். இடையில் குள்ளநரி வருகிறது. திருடாதே என்று மூன்று முறை சொன்னால் பெரும்பாலும் அது நின்றுவிடும். ஓர் இடம் முடிந்ததும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று மறுபடியும் கேட்கிறாள். சேர்ந்ததும் பாட்டு. கடைசியில், இன்றைய பயணத்தில் உனக்கு எது பிடித்தது என்று கேட்டு, சிறிது காத்திருந்து, எனக்கும் அதுதான் பிடித்தது என்கிறாள். அடுத்த நாள் பாலம் வேறாக இருக்கும், மலை வேறாக இருக்கும், எலும்புக்கூடு அதுவேதான்.

இந்தக் கட்டமைப்பில் குழந்தைக்கென்று சில வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கின்றன. வரைபடத்தைக் கூப்பிடும் இடம், மூன்று பெயர்களைச் சொல்லும் இடம், நரியைத் தடுக்கும் இடம் என்று அவை நாள்தோறும் ஒரே இடத்தில் வருகின்றன. கோலாட்டத்தில் கோல் தட்டும் இடம் தெரிந்துவிட்டால் பாட்டு மாறினாலும் தட்ட முடியும் அல்லவா, அதுபோல. புதிய கதையைப் புரிந்துகொள்ளும் உழைப்பில் பாதி, கதை தொடங்கும் முன்பே குறைந்துவிடுகிறது. இப்போது என்ன நடக்கும், என்னிடம் என்ன கேட்பார்கள் என்பது தெரிந்திருப்பதால், மிச்சக் கவனத்தை அன்றைக்குப் புதிதாக வந்த சொல்லுக்கோ எண்ணுக்கோ செலவிட முடிகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு உலகத்தில் ஏறக்குறைய எல்லாமே புதிது. எல்லாமே புதிதாக இருக்கும்போது, எதைக் கவனிப்பது என்றே தெரியாது.

இப்படி ஒரு முடிவுக்கு வர ஆய்வாளர்களுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' இதற்கு நேர் எதிரான நம்பிக்கையில் கட்டப்பட்டது. சிறு குழந்தையின் கவனம் கணநேரம்தான் நிற்கும் என்று கருதி, விளம்பரங்களைப்போலத் துண்டு துண்டாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சிறு காட்சிகளால் அதை அமைத்தார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சியின் சோதனைகளிலேயே விந்தையான ஒன்று தென்பட்டது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்ற நடிகர் ஆங்கில எழுத்துகளை மிக மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டுச் சொல்லும் ஒரு காட்சி. எழுத்து முதலில் தெரியும். சற்றுப் பொறுத்து அவர் அதன் பெயரைச் சொல்வார். முதல்முறை பார்த்த குழந்தைகள் அவர் சொன்ன பிறகு சொன்னார்கள். மறுபடி மறுபடி பார்த்தபோது அவரோடு சேர்ந்து சொன்னார்கள். பிறகு எழுத்தைக் கண்டதும் அவர் வாய் திறக்கும் முன்பே சொன்னார்கள். பின்னே வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். இடைவெளியும் திரும்பக் கூறலும் சேர்ந்தபோதுதான் இது நடந்தது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். குழந்தை திரையை ஏன் பார்க்கிறது? வண்ணமும் அசைவும் இழுப்பதாலா, புரிவதாலா? ஒரே நிகழ்ச்சியில் காட்சிகளின் வரிசையைக் கலைத்தும், பேச்சை வேற்றுமொழியில் வைத்தும், பின்னோக்கி ஓடவிட்டும் காட்டினார்கள். வண்ணமும் அசைவும் அப்படியே இருந்தன, புரிதல் போய்விட்டது. குழந்தைகள் பார்ப்பதும் குறைந்துவிட்டது. 1981இல் வெளியான இந்த ஆய்வு, குழந்தையைப் பற்றிய நம் பொதுப்புத்தியைத் திருப்பிப் போட்டது. மயங்கிப்போய்க் கிடக்கிறது என்று நாம் நினைக்கும் குழந்தை, புரிகிறதா இல்லையா என்று சோதித்துக்கொண்டே பார்க்கிறது. புரியாவிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்கிறது.

இந்த முடிவை அடித்தளமாகக் கொண்டு 1996 செப்டம்பரில் வந்தது 'ப்ளூஸ் க்ளூஸ்'. அதை உருவாக்கிய மூவரில் ஏஞ்சலா சாண்டோமெரோ, ட்ரேசி பேஜ் ஜான்சன் என்ற இருவர் பெண்கள். நீல நிற நாய்க்குட்டி மூன்று தடயங்களை விட்டுச் செல்கிறது. ஸ்டீவ் என்ற இளைஞர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பொறுத்திருந்து, குழந்தையின் உதவியோடு விடையைக் கண்டுபிடிக்கிறார். டோராவுக்கு வழி போட்டுத் தந்தது இதுவே. இதில் அவர்கள் செய்த துணிச்சலான காரியம், ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாட்களும் ஒளிபரப்பியது. 1999இல் ஆண்டர்சன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் அதையே ஐந்து நாட்கள் பார்த்தார்கள். திரும்பப் பார்த்தவர்களின் கவனம் பல நாட்கள் தளராமல் இருந்தது. வாய்விட்டுப் பதில் சொல்வதும் சுட்டிக்காட்டுவதும் நாளுக்கு நாள் கூடின. புரிதலும் கூடியது. முதல் நாள் அவர்கள் அமைதியாகப் பார்த்தது அக்கறையின்மை அன்று. அன்றைக்கு அவர்கள் கதையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பதில் சொல்லும் பலம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

"இதையேதான் எத்தன தடவ பாப்ப?" என்று அதட்டும்போது நாம் மறந்துவிடும் விஷயம் இது. குழந்தை ஐந்தாம் முறை பார்ப்பது முதல் முறை பார்த்த நிகழ்ச்சியை அன்று. முதல் நாள் அது கேட்பவள். ஐந்தாம் நாள் சொல்பவள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமானதல்ல. பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. ஒரு பருவத்தின் பாடல்கள் எல்லாம் ஒரே அழைப்பில் முடியும். சப்பாணிப் பருவம் குழந்தையைக் கைகொட்டச் சொல்கிறது. வருகைப் பருவம் நடந்து வரச் சொல்கிறது. வருணனை பாட்டுக்குப் பாட்டு மாற, அழைப்பு மட்டும் மாறாமல் வந்து நிற்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். தாயும் செவிலியும் வீட்டுக்குள் நாள்தோறும் செய்துவந்த ஒன்றைப் பெரும்பாலும் ஆண்களான புலவர்கள் எடுத்து இலக்கிய வடிவமாக்கினார்கள். பாட்டுடைத் தலைவராகத் தெய்வமோ அரசரோ அமர்ந்ததும், அங்கே உண்மையில் கைகொட்ட ஒரு குழந்தை இருக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. அழைப்பு மட்டும் மிஞ்சியது. தொலைக்காட்சியின் நிறுத்தத்தை அணுகும்போது இந்த ஒப்புமை எனக்கு உதவுகிறது. இங்கும் பெண்கள் செய்துவந்த ஒரு வேலை வடிவமாக மாற்றப்பட்டிருக்கிறது. இங்கே குழந்தை இருக்கிறது, காத்திருப்பவர்தான் இல்லை.

அந்த நிறுத்தம் எப்படித் தயாராகிறது? 'ப்ளூஸ் க்ளூஸ்' குழுவினர் ஒவ்வொரு பகுதியையும் ஒளிபரப்பும் முன் மூன்று கட்டங்களில் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். முதலில் வரைவு நிலையில் ஒரு கதைப் புத்தகம்போல் வாசித்துக் காட்டினார்கள். பிறகு திருத்திய வசனத்தோடு, பிறகு ஏறக்குறைய முடிந்த படத்தோடு. எந்தக் கேள்வியில் குழந்தைகள் திகைத்தார்கள், எதற்கு எவ்வளவு நேரத்தில் வாய் திறந்தார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். நிறுத்தத்தின் நீளம் அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு யோசிக்க நேரம் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை அதற்குள் சலித்துவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சில நொடிகள். எளிய தடயம் முதலிலும் கடினமானது கடைசியிலும் வைக்கப்பட்டதும் அதற்காகத்தான். டோராவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. கணினியில் இருப்பதுபோன்ற ஒரு நீல அம்புக்குறி திரையில் நகர்ந்து சென்று சரியான விடையைத் தொடுகிறது. வாய் திறக்காத குழந்தைக்கும் விடை கிடைக்கிறது. தவறாகச் சொன்ன குழந்தைக்குத் திருத்தமும் கிடைக்கிறது. யாரும் அதை வகுப்பில் எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்துவதில்லை.

இந்த நிறுத்தம் தமிழுக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. குரல் மாறுகிறது, படம் மாறுவதில்லை. பொம்மையின் வாய் எத்தனை நொடி அசைகிறதோ அதற்குள் கேள்வி முடிந்தாக வேண்டும். மீறினால் அது நிறுத்தத்தைத் தின்னும். ஆங்கிலத்தில் எங்கே, எது, எத்தனை என்னும் வினாச்சொல் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. முதல் சொல்லிலேயே இது கேள்வி, இடம்தான் கேட்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். தமிழில் 'மலைக்குப் போற வழி எங்க இருக்கு?' என்று கேட்டால் வினாச்சொல் கடைசிக்கு அருகில்தான் வருகிறது. 'நீ பாத்தியா?' என்றால் வினா, சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது. ஆகவே தமிழ்க் குழந்தை யோசிக்கத் தொடங்குவதே சற்றுப் பின்னால்தான். அதற்கு நிறுத்தம் இன்னும் கொஞ்சம் நீளமாக வேண்டும். மொழிமாற்றத்திலோ அது குறைவதற்கே வாய்ப்பு அதிகம். நல்ல மொழிமாற்றக்காரர் கேள்வியைச் சுருக்கி, வினாச்சொல்லை முன்னால் தூக்கி, 'எங்க அந்த மலை?' என்று கேட்டு இதைச் சமாளிக்க முடியும். நீங்கள் பார்க்கும் ஒரு நிகழ்ச்சி குழந்தையை மதிக்கிறதா என்று அறிய இது ஒரு வழி. கேள்வி முடிந்த பின் எத்தனை நொடி மௌனம் இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். கேள்வி முடிந்தவுடன் இசையோ விடையோ வந்து விழுந்தால் அங்கே கேள்வி ஓர் அலங்காரம் மட்டுமே. கதையின் அடுத்த அடிக்கு அந்த விடை தேவைப்படுகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. டோராவின் கேள்விகளில் பெரும்பாலானவை வழியோடு பிணைந்தவை. விடை தெரியாமல் பாலத்தைக் கடக்க முடியாது.

இனி இதன் எல்லைக்கு வருகிறேன். நிறுத்தம் காத்திருக்கிறது, ஆனால் கேட்பதில்லை. பாபநாசம் பக்கத்தில் உறவுக்காரர் வீடு ஒன்றில் அக்காள் தங்கை இருவரோடு உட்கார்ந்து ஒரு பகுதியைப் பார்த்தேன். கடைசியில் எது பிடித்தது என்ற கேள்வி வந்ததும் மூன்று வயதுச் சின்னவள், "எங்க ஆட்டுக்குட்டி" என்றாள். அன்றைய கதையில் ஆடே இல்லை. டோரா, தனக்கும் அதுதான் பிடித்தது என்றாள். சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து வயதைத் தாண்டிய பெரியவள் என்னிடம் திரும்பி, "அது எல்லாத்துக்கும் அப்படித்தாங்க அத்தை சொல்லும்" என்றாள். இந்த வாக்கியத்தில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதை அவள் கண்டுகொண்டாள். அதற்குப் பிறகும் அவள் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அது விளையாட்டு என்று தெரிந்து சொன்னாள்.

அவளைவிடச் சின்னக் குழந்தைகள் இந்த வேறுபாட்டை வேறு விதமாக உணர்கின்றன என்பதை ஜார்ஜீன் ட்ரோசெத் என்பவரின் குழு 2006இல் காட்டியது. ஒரு பொம்மை எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இரண்டு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். நேரில் ஒருவர் சொன்னால் போய் எடுத்துவிடுகின்றன. முன்பே பதிவு செய்த படத்தில் சொன்னால் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அதே நபர் நேரலைத் திரையில் வந்து, ஐந்து நிமிடம் குழந்தையின் பெயர் சொல்லிப் பேசி, அது செய்வதைப் பார்த்து அதற்கேற்ப மறுமொழி தந்த பிறகு சொன்னால், போய் எடுக்கின்றன. திரை என்பது தடையாக இருக்கவில்லை. தன் செயலுக்கு ஏற்ப அங்கே ஒன்று மாறுகிறதா என்பதைத்தான் குழந்தை பார்த்தது. மாறினால் அந்தச் சொல்லை நம்புகிறது. பதிவு செய்யப்பட்ட நிறுத்தத்தால், எவ்வளவு நுட்பமாக அளந்து வைத்தாலும், இதைச் செய்ய முடியாது. மூன்று வயதுக்குப் பிறகு பலன் தரும் ஒரு கருவி, இரண்டு வயதுக்குக் கீழே பலன் தராமல் போவதன் காரணங்களில் இது முக்கியமானது.

நம் ஊரில் கதை சொல்லும்போது, கேட்பவர் 'ம்' கொட்ட வேண்டும். இருட்டில் படுத்துக்கொண்டு ஆத்தா கதை சொல்கிறாள். பிள்ளை 'ம்' என்கிறது. 'ம்' நின்றால் கதையும் நிற்கும். தூங்கிவிட்டதா, பயந்துவிட்டதா, புரியவில்லையா என்று அவள் கேட்டுப் பார்ப்பாள். புரியவில்லை என்றால் ராஜாவின் காட்டைத் தன் ஊர் மூங்கில் கொல்லையாக மாற்றிச் சொல்வாள். பிள்ளை ஆட்டுக்குட்டி என்றால் கதைக்குள் ஓர் ஆட்டுக்குட்டி வந்துவிடும். விடுகதை போடும்போதும் அப்படித்தான். விடை தெரியாமல் முழிக்கும் பிள்ளைக்கு இன்னொரு துப்புக் கொடுப்பாள். தெரிந்த பிள்ளையைக் கண்ணைக் காட்டி அடக்கி வைப்பாள். திரும்பத் திரும்பச் சொல்வது, கேட்பது, பொறுப்பது எல்லாம் இங்கும் உண்டு. நிறுத்தத்தின் நீளத்தை மட்டும் அந்த நொடியில் அந்தப் பிள்ளையைப் பார்த்து அவள் முடிவு செய்கிறாள். இந்தத் தீர்மானம் ஓர் அறிவு. இதை யாரும் அறிவு என்று எண்ணியதில்லை, இதற்குக் கூலியும் இருந்ததில்லை.

ஆய்வுகளும் சுற்றி வந்து இங்கேதான் நிற்கின்றன. கேப்ரியல் ஸ்ட்ரவுஸ், ட்ரோசெத் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகள் வீட்டில் கதைப் படங்களைச் சில வாரங்கள் பார்த்தார்கள். ஒரு பிரிவில் பெற்றோருக்குப் பயிற்சி தரப்பட்டது. படத்தை நிறுத்தி, என்ன நடந்தது, அடுத்து என்ன ஆகும் என்று குழந்தையைக் கேட்க வேண்டும். இன்னொரு பிரிவில் அதே கேள்விகளைத் திரையிலேயே ஒரு நடிகை கேட்டார். வேறொரு பிரிவில் படம் மட்டும் ஓடியது. பெற்றோர் நிறுத்திக் கேட்ட குழந்தைகள், படம் மட்டும் பார்த்தவர்களைவிடக் கதையையும் புதிய சொற்களையும் நன்றாகக் கற்றார்கள். நடிகை கேட்ட குழந்தைகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். திரைக்குள் இருக்கும் கேள்வி வீண் அல்ல, ஆனால் பக்கத்தில் இருப்பவரின் கேள்விக்கு ஈடும் அல்ல என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த முடிவு அறிவுரையாக மாறி நம் ஊருக்கு வரும்போது என்ன ஆகிறது? 'குழந்தையோடு சேர்ந்து பாருங்கள்' என்கிறார்கள். இலக்கணத்தில் இது பலர்பால். நடைமுறையில் இது பெண்பால், ஒருமை. குழந்தை ஏன் டோரா பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அந்த அறிவுரை கேட்பதில்லை. அம்மா விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு நடவுக்குப் போயிருந்தாள். அல்லது நடவிலிருந்து வந்து, சேறு கழுவி, அடுப்படியில் நின்றிருந்தாள். சம்பா நடவுக் காலத்தில் நாற்றுமுடி வந்து வரப்பில் விழுந்துவிட்டால் அன்றைக்கே நட்டாக வேண்டும். அப்போது பிள்ளையை ஓர் அரை மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார வைக்க எது இருக்கிறதோ, அதை வைத்தாள். 'செசமி ஸ்ட்ரீட்' பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்குப் பிடித்த நகைச்சுவையைச் சேர்த்தது. 'ப்ளூஸ் க்ளூஸ்' அதைக் கைவிட்டு முழுக்கக் குழந்தைக்கே பேசியது. பக்கத்தில் இருக்க வேண்டியவரின் கேள்விகளையும் திரைக்குள் எடுத்துக்கொண்டது. இந்த மாற்றத்தின் நடைமுறைப் பொருள், அம்மா அறையை விட்டுப் போகலாம் என்பது. அப்படி அவள் போன பிறகு, ஏன் போனாய் என்று அவளையே கேட்பது நியாயமாகாது.

காத்திருப்பது வேலை என்பதை நம் நாட்டின் சட்டம் ஒன்று ஒருமுறை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி தர வேண்டும் என்று இருந்தது. மரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவளும் மண் வெட்டுபவளும் ஒரே வேலையாட்கள். வயலில் நடவு நடும் பெண்ணுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. அவளுக்கு இருப்பது ஊர் அங்கன்வாடி. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், நம் ஊர்ப் பேச்சில் பால்வாடி. அங்கே ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, முட்டை வேகவைத்து, பதிவேடு எழுதி, மிஞ்சும் நேரத்தில்தான் கதை. காலமுறை ஊதியத்துக்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம்தான், ஒவ்வொரு பிள்ளையின் 'ம்' நின்றதையும் கவனிக்கச் சொல்கிறோம்.

ஆகவே என் குறை டோராவின் மீது அல்ல. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி முதுகில் பையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல், பாலம் தாண்டிக் காடு தாண்டிப் போய்த் திரும்பியதை நம் பெண்பிள்ளைகள் நூறு முறை பார்த்தார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. வாய்க்காலைத் தாண்டித் தனியாகப் போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அவளிடம் வழி சொல்லியவர்களும் அவர்களே. அதே கதையை மீண்டும் கேட்கும் குழந்தைக்கு அதே கதையைக் கொடுக்கலாம். அதில் கெடுதல் இல்லை. நேரம் இருப்பவர்கள், அது அம்மாவானாலும் அப்பாவானாலும் தாத்தாவானாலும், டோரா காத்திருக்கும் அந்த நொடிகளில் பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டு, அதற்கு ஒரு மறுமொழி சொல்லலாம். ஆட்டுக்குட்டி என்றால், எந்த ஆட்டுக்குட்டி என்று கேட்கலாம். பொம்மையால் முடியாத கேள்வி அது ஒன்றுதான். நேரம் இல்லாதவர்களுக்கு அந்த நேரத்தை யார் தருவது என்பது அறிவுரையால் தீராது. வயலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம், அங்கன்வாடியில் கதைக்கென்றே இன்னொரு பெண், அவளுக்கு ஒழுங்கான ஊதியம் என்று அதற்குப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.